இரண்டு வயதில் எத்தனை சொற்கள்? எண்ணும் முறையும் வீட்டில் செய்ய வேண்டியவையும்

கேள்வி: என் மகனுக்கு 2 வயது முடிந்து ஒரு மாதம் ஆகிறது. அம்மா, அப்பா, தா, காக்கா என்று பத்து வார்த்தைதான் சொல்கிறான். ஆனால் நாங்கள் சொல்வது எல்லாம் அவனுக்குப் புரிகிறது, ஏபிசிடி முழுவதும் சொல்கிறான். "அவன் அப்பாவே மூணு வயசுலதான் பேசினான், ஆம்பளப் பிள்ளைங்க லேட்டாதான் பேசும்" என்று மாமியார் சொல்கிறார். இந்த வயதில் எத்தனை வார்த்தை வர வேண்டும்? காத்திருக்கலாமா? வீட்டில் என்ன செய்வது? (மஞ்சக்குப்பம், கடலூர்)

பதில்:

24 மாதம் முடியும்போது ஒரு குழந்தை குறைந்தது 50 சொற்களைத் தானாகப் பயன்படுத்த வேண்டும்; இரண்டு சொற்களைச் சேர்த்து "பால் வேணும்", "அப்பா வா" என்பது போலச் சொல்லத் தொடங்கியிருக்க வேண்டும். இந்த இரண்டில் ஒன்று இல்லையென்றாலும் அந்தக் குழந்தையைத் தாமதமாகப் பேசும் குழந்தை என்று எங்கள் பேச்சுப் பயிற்சித் துறையில் கணக்கில் எடுத்துக்கொள்கிறோம். உங்கள் மகன் இப்போதைக்கு அந்தக் கணக்கில் வருகிறான். எனவே ஒன்றும் செய்யாமல் காத்திருக்க வேண்டாம். இந்த மாதத்திலேயே செவித்திறன் பரிசோதனைக்கு ஏற்பாடு செய்துவிட்டு, வீட்டில் அவனிடம் பேசும் முறையையும் இன்றே மாற்றத் தொடங்குங்கள். இப்படித் தாமதமாகத் தொடங்கும் குழந்தைகளில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் பள்ளி வயதுக்குள் மற்றவர்களை எட்டிவிடுகிறார்கள் என்பது உண்மைதான். ஆனால் எந்தக் குழந்தை தானாக எட்டிவிடும், எந்தக் குழந்தைக்கு உதவி தேவைப்படும் என்பதை இரண்டு வயதில் எவராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. காத்திருக்க வேண்டாம் என்று நான் சொல்வதற்கு அதுவே காரணம்.

50 என்பது சராசரி அல்ல, கீழ் எல்லை. இரண்டு வயதுக் குழந்தைகளில் நடுத்தரமாகப் பேசுபவர்கள் 200 முதல் 300 சொற்கள் வரை சொல்வார்கள். நன்றாகப் பேசும் சில குழந்தைகள் அதையும் தாண்டுவார்கள். ஆகவே பக்கத்து வீட்டுக் குழந்தை கதை சொல்வதை வைத்து உங்கள் மகனை அளக்காதீர்கள். கீழ் எல்லையோடு மட்டும் ஒப்பிட்டுப் பாருங்கள். இணையத்தில் தேடினால் 50 சொற்கள் 30 மாதத்தில் வந்தால் போதும் என்று ஒரு பட்டியல் கிடைக்கும். அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2022-இல் திருத்தி வெளியிட்ட பட்டியல் அது. நான்கில் மூன்று பங்குக் குழந்தைகளோ அதற்கு மேலோ எந்த வயதில் ஒன்றைச் செய்கிறார்களோ, அந்த வயதை வைத்து அதை அமைத்தார்கள். அந்தப் பட்டியலிலும் இரண்டு வயதில் இரண்டு சொற்களைச் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்றே இருக்கிறது. எனவே எந்தப் பட்டியலை எடுத்தாலும் உங்கள் மகனை ஒருமுறை பரிசோதிப்பது நல்லது என்ற முடிவே வரும்.

அதற்கு முன், அவன் சொல்லும் சொற்களைச் சரியாக எண்ணிப் பாருங்கள். பெற்றோர் வாய்மொழியாகச் சொல்லும் எண்ணிக்கை பெரும்பாலும் உண்மையான எண்ணிக்கையோடு பொருந்துவதில்லை. ஒரு பழைய நோட்டை அடுப்படியில் வைத்து, ஒரு வாரம் முழுவதும் வீட்டில் யார் காதில் எந்தச் சொல் விழுந்தாலும் அதை எழுதச் சொல்லுங்கள். ஒரு சொல்லைக் கணக்கில் சேர்க்க மூன்று நிபந்தனைகள் உண்டு. நீங்கள் சொல்லித் திருப்பிச் சொன்னதாக இல்லாமல் அவனே சொல்ல வேண்டும். ஒவ்வொரு முறையும் அதே பொருளில் சொல்ல வேண்டும். ஒரே இடத்தில் மட்டும் அல்லாமல் வேறு வேறு சமயங்களிலும் சொல்ல வேண்டும். உச்சரிப்பு திருத்தமாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனை இல்லை. தண்ணீரை எப்போதும் "தன்னி" என்றோ "நீ" என்றோ சொன்னாலும் அது ஒரு சொல்தான். சாப்பாட்டுக்கு "மம்மம்", காயத்துக்கு "ஊவா", நாய்க்கு "பவ்பவ்", வெளியே போவதற்கு "டாட்டா" என்று சொன்னால் அவை ஒவ்வொன்றும் ஒரு சொல். ஒரே "பா" என்ற ஒலியைப் பாலைக் காட்டியும் அப்பாவைப் பார்த்தும் தெளிவாகச் சொன்னால் அவை இரண்டு சொற்கள். "பஸ்", "கார்", "பிஸ்கட்" போல ஆங்கிலத்திலிருந்து வந்தவையும் சேரும். புதுச்சேரியில் ஒரே வீட்டில் தமிழும் தெலுங்கும், சில வீடுகளில் பிரெஞ்சும் பேசுவார்கள். அங்கே எல்லா மொழிச் சொற்களையும் கூட்டித்தான் எண்ண வேண்டும். இரண்டு மொழி பேசுவதால் பேச்சுத் தாமதம் வருவதில்லை என்பதால், யாரும் தம் மொழியை நிறுத்த வேண்டியதும் இல்லை.

ஏபிசிடி சொல்வதையும் ஒன்று இரண்டு எண்ணுவதையும் இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். அது மனப்பாடமான ஒலி வரிசை. அதைக் கொண்டு அவனால் எதையும் கேட்கவோ, காட்டவோ, மறுக்கவோ முடியாது. அதே பிள்ளை தாகம் எடுக்கும்போது என்ன செய்கிறான் என்று கவனியுங்கள். உங்கள் கையைப் பிடித்துக் குடத்தருகே இழுத்துப் போய் நிறுத்துகிறானா, விரலால் சுட்டிக்காட்டி உங்கள் முகத்தைப் பார்க்கிறானா, "தன்னி" என்கிறானா? 26 எழுத்துகளை ஒப்பிப்பதைவிட இந்த ஒரு காட்சி அவனைப் பற்றி எனக்கு அதிகம் சொல்லும். முறையாக எண்ணிய பிறகு "பத்து" என்று சொன்னவர்களின் நோட்டில் இருபதுக்கு மேல் இருப்பதை அடிக்கடி பார்க்கிறேன். "நிறையப் பேசுவாள்" என்று சொன்ன வீட்டில் ஒப்பித்தவற்றைக் கழித்தால் எட்டு சொற்கள் மட்டும் மிஞ்சியதும் உண்டு.

நோட்டில் எந்த வகைச் சொற்கள் இருக்கின்றன என்பதையும் பாருங்கள். அம்மா, காக்கா, பந்து, பூ என்று பெயர்கள் மட்டுமே இருந்தால் அவற்றை எப்படிச் சேர்த்தாலும் வாக்கியம் ஆகாது. தா, வா, போ, திற, இன்னும், வேணாம், போச்சு, மேல என்பன போன்ற சொற்கள் வந்த பிறகுதான் "பூ தா", "காக்கா போச்சு" என்று இரண்டு சொற்கள் சேரத் தொடங்கும். உங்கள் மகன் "தா" சொல்கிறான் என்பது நல்ல தொடக்கம்.

அடுத்தது, "எல்லாம் புரிகிறது" என்று நீங்கள் எழுதியிருப்பது. இது உண்மையாக இருந்தால் மிக நல்ல செய்தி. ஏனென்றால் புரிதல் நன்றாக இருந்து பேச்சு மட்டும் தாமதமாகும் குழந்தைகள்தான் பெரும்பாலும் தானாக எட்டிவிடுகிறார்கள். ஆனால் இதையும் சோதித்துப் பார்க்காமல் நம்ப வேண்டாம். முதலியார்பேட்டையிலிருந்து ஒரு தாய் தம் மகளை அழைத்து வந்து, அவளுக்கு எல்லாம் புரியும் என்று சொல்லி, "கதவைச் சாத்து" என்றார். குழந்தை உடனே போய்ச் சாத்தியது. அப்படிச் சொல்லும்போது தாயின் கண் கதவைப் பார்த்தது, கையும் அந்தப் பக்கம் சற்று நீண்டது. பிறகு இரு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டு, குழந்தையின் முகத்தை மட்டும் பார்த்தபடி, "பந்து எங்க? எடுத்துட்டு வா" என்று கேட்கச் சொன்னேன். குழந்தை முதலில் தாயின் கையைப் பார்த்தது, பிறகு கண்ணைப் பார்த்தது, பிறகு அப்படியே நின்றது. அந்தக் குழந்தை படித்துக்கொண்டிருந்தது கையையும் கண்ணையும்தான், சொல்லை அல்ல. பரிசோதித்தபோது இரண்டு நடுக்காதுகளிலும் நீர் தேங்கியிருந்தது.

நீங்களும் இப்படிச் செய்து பாருங்கள். கைகளை அசைக்காமல், பொருளைப் பார்க்காமல், வழக்கமான நேரத்திலும் இல்லாமல், "செருப்பை எடுத்து அப்பாகிட்ட குடு" என்று இரண்டு வேலைகளைச் சேர்த்துச் சொல்லுங்கள். குளித்து முடித்துத் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு "தலையைக் காட்டு" என்று சொன்னால் எல்லாக் குழந்தையும் காட்டும். சும்மா உட்கார்ந்திருக்கும்போது "மூக்கு எங்க, காது எங்க" என்று கேட்டால் இரண்டு உறுப்புகளையாவது காட்ட வேண்டும். படப் புத்தகத்தில் நீங்கள் பெயர் சொல்லும் பொருளைத் தொட வேண்டும். இவற்றில் தடுமாறினால் பேச்சோடு புரிதலும் பின்தங்கியிருக்கிறது என்று பொருள். அப்போது பேச்சுப் பயிற்சியை ஒரு மாதம்கூடத் தள்ளிப்போடக் கூடாது.

பேச்சு தாமதமான எல்லாக் குழந்தைக்கும், காது நன்றாகக் கேட்பதுபோலத் தோன்றினாலும், செவித்திறன் பரிசோதனை முதலில் நடக்க வேண்டும். தட்டைக் கீழே போட்டால் திரும்புகிறான், மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டு ஓடுகிறான் என்பதெல்லாம் சான்று ஆகாது. அவை உரத்த ஒலிகள். சொற்களை ஒன்றிலிருந்து ஒன்று பிரித்துக் காட்டும் ச, ஸ, த, க போன்ற மெய்யொலிகள் மிக மெலிதானவை. சளி பிடித்த பிறகு நடுக்காதில் நீர் தேங்கினால்கூட அவை மங்கிவிடும். பிறந்தபோது செய்த பரிசோதனையில் தேறியிருந்தாலும், பின்னால் வந்த குறையை அது காட்டாது. ஓ.ஏ.இ. என்ற பரிசோதனையில் ஒரு சிறு முனையைக் காதில் வைத்து உள்காதிலிருந்து திரும்பி வரும் ஒலியைப் பதிவு செய்வார்கள். சில நிமிடங்களில் முடிந்துவிடும், வலிக்காது. டிம்பனோமெட்ரி என்ற பரிசோதனை நடுக்காதில் நீர் இருக்கிறதா என்று காட்டும். சந்தேகம் இருந்தால், ஒலி செவி நரம்பு வழியாக மூளைக்குப் போகிறதா என்று பார்க்கும் பெரா பரிசோதனையைக் குழந்தை தூங்கும்போது செய்வார்கள். அதற்குச் சில இடங்களில் தூங்க வைக்கும் மருந்து தருவார்கள். ஆகவே அன்று காலை குழந்தையைத் தூங்க விடலாமா, எப்போது கடைசியாக உணவு கொடுக்கலாம் என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். இதைக் கேட்காமல் போய்த் திரும்பி வருபவர்கள் பலர்.

சில அறிகுறிகள் இருந்தால் சொல் எண்ணிக்கையைப் பார்க்கவே வேண்டாம், உடனே மருத்துவரிடம் போக வேண்டும். பெயர் சொல்லி அழைத்தால் பெரும்பாலும் திரும்பாதது, தனக்குப் பிடித்ததை விரலால் சுட்டி உங்களுக்குக் காட்டாதது, கண்ணைப் பார்க்காதது, முன்பு சொன்ன சொற்களை இப்போது சொல்லாமல் விட்டுவிட்டது ஆகியவை அவை. 16 முதல் 30 மாதம் வரையிலான குழந்தைகளுக்கு ஆட்டிசம் இருக்கக்கூடுமா என்று முதல் கட்டமாகப் பார்க்க, எம்-சாட் என்ற 20 கேள்விப் படிவம் இருக்கிறது. குழந்தை மருத்துவரிடம் கேட்டு வாங்கி நீங்கள் நிரப்பிக் கொடுத்தால், அவர் மதிப்பிட்டுச் சொல்வார். ஒப்பிக்கும் பழக்கம் மட்டும் இருப்பதால் ஆட்டிசம் என்று நீங்களாக முடிவு செய்துவிடாதீர்கள்.

உங்கள் மாமியார் சொல்வதில் ஒரு முக்கியமான தகவல் இருக்கிறது. அதை மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள். ஆனால் காத்திருக்கலாம் என்று மாமியார் எடுக்கும் முடிவு அதிலிருந்து வருவதில்லை. பேச்சுத் தாமதம் குடும்பங்களில் தொடர்ந்து வருவது. அப்பாவும் தாமதமாகப் பேசியிருந்தால் மகனுக்குத் தாமதம் நீடிக்கும் வாய்ப்பு கூடுகிறதே தவிரக் குறைவதில்லை. ஆண் குழந்தைகள் பெண் குழந்தைகளைவிடச் சற்றுப் பின்தங்குவது உண்மைதான், ஆனால் அந்த இடைவெளி ஓரிரு மாத அளவுதான். 50 சொல்லுக்கும் பத்துச் சொல்லுக்கும் உள்ள தூரத்தை அது விளக்காது.

இனி வீட்டில் செய்ய வேண்டியவை. தாமதமாகப் பேசும் குழந்தையுள்ள வீட்டில் பெரும்பாலும் மூன்று வகைப் பேச்சுதான் கேட்கும்: "இது என்ன?", "சொல்லு, சொல்லு", "அங்க போகாதே". முதல் இரண்டும் குழந்தையைத் தேர்வெழுத வைக்கின்றன. தெரியாத பிள்ளை வாயை மூடிக்கொள்ளும். கேள்வியைக் குறைத்து, அவன் அந்த நொடியில் எதைப் பார்க்கிறானோ அதற்குரிய சொல்லை நீங்களே கொடுங்கள். அவன் மாடியில் நின்று காக்கையைப் பார்த்தால், "அது என்ன சொல்லு?" என்று கேட்காமல், "காக்கா. காக்கா பறக்குது. காக்கா போச்சு" என்று சொல்லிவிட்டு நிறுத்துங்கள். சொல்லிக்கொண்டே போவதில் பயனில்லை. உங்களுக்குள்ளே ஐந்து எண்ணும் வரை, சில நேரம் பத்து எண்ணும் வரை, அவன் முகத்தைப் பார்த்துக் காத்திருக்க வேண்டும். பெற்றோருக்கு மிகக் கடினமான பகுதி இந்த மௌனம்தான். இந்த வயதுப் பிள்ளைக்குக் கேட்டதைப் புரிந்து, சொல்லைத் தேடி, வாயை அமைக்க அத்தனை நேரம் தேவை. நாம் இரண்டு நொடியில் நாமே பதில் சொல்லிவிடுகிறோம்.

இதைத் தனியாக நேரம் ஒதுக்கிச் செய்ய வேண்டியதில்லை. தினமும் நடக்கும் ஒரு வேலையைத் தேர்ந்தெடுங்கள். இரவு இட்லி ஊட்டும் நேரத்தை எடுத்துக்கொள்வோம். இடுப்பில் வைத்துக்கொண்டோ பின்னாலிருந்தோ ஊட்டாமல், தரையில் அவனுக்கு எதிரே, உங்கள் வாய் அவன் கண்ணுக்கு நேரே இருக்கும்படி உட்காருங்கள். இட்லி டப்பாவை மூடியோடு கொண்டு வந்து நடுவில் வையுங்கள். அவன் மூடியைத் தொட்டு உங்களைப் பார்ப்பான். ஐந்து எண்ணுங்கள். அவன் ஏதாவது ஒலி எழுப்பினாலும், கையை நீட்டினாலும், வெறுமே பார்த்தாலும் "திற" என்று தெளிவாகச் சொல்லி உடனே திறந்துவிடுங்கள். முழு இட்லியையும் தட்டில் வைக்காமல் ஒரு விள்ளல் மட்டும் வையுங்கள்; அது தீர்ந்ததும் அவன் மறுபடி பார்ப்பான்; காத்திருந்து, "இன்னும்" என்று சொல்லி அடுத்த விள்ளலைக் கொடுங்கள். ஒரே சாப்பாட்டில் "இன்னும்" என்ற சொல் பத்துப் பதினைந்து முறை, அவனுக்கு அது தேவைப்படும் அதே நொடியில், அவன் காதில் விழுந்துவிடும். தட்டு காலியானதும் "போச்சு". நடுவே "சாம்பாரா, சர்க்கரையா?" என்று இரண்டையும் காட்டிக் கேளுங்கள், ஆம், இல்லை என்று தலையாட்டி முடிக்க முடியாத கேள்வி இது.

இதில் ஒரு எல்லை உண்டு. "சொன்னால்தான் தருவேன்" என்று உணவையோ தண்ணீரையோ நிறுத்தி வைக்கக் கூடாது. காத்திருப்பது சில நொடிகள் மட்டுமே. அவன் சொல்லாவிட்டாலும் நீங்கள் சொல்லைச் சொல்லிப் பொருளைக் கொடுத்துவிட வேண்டும். அவன் முகம் சுளித்து அழத் தொடங்கினால் நீங்கள் அதிக நேரம் காத்திருந்துவிட்டீர்கள் என்று அர்த்தம்.

அவன் ஒரு சொல் சொல்லிவிட்டால் அதோடு ஒரே ஒரு சொல்லைச் சேர்த்துத் திருப்பிச் சொல்லுங்கள். அவன் "இட்லி" என்றால் நீங்கள் "இட்லி தா". அவன் "பஸ்" என்றால் நீங்கள் "பஸ் போகுது". "பஸ்னு சொல்லக் கூடாது, பேருந்துன்னு சொல்லு" என்று திருத்த வேண்டாம். "தன்னி" என்றால் "ஆமாம், தண்ணி" என்று சரியான வடிவத்தைக் காதில் போட்டால் போதும். ஒரு மாதத்துக்கு எட்டோ பத்தோ சொற்களை மட்டும் குறிவைத்து, வீட்டில் எல்லோரும் அதே சொற்களைப் பல இடங்களில் பயன்படுத்துங்கள். "திற" என்பதை இட்லி டப்பாவோடு நிறுத்தாமல் குழாய், கதவு, அப்பாவின் பை, பிஸ்கட் பாக்கெட் என்று எல்லா இடத்திலும் சொல்லுங்கள். மாலையில் தேவனாம்பட்டினம் கடற்கரைக்குப் போனால் அலை வரும்போது "வருது, வருது", திரும்பும்போது "போச்சு" என்று சொல்லி, அடுத்த அலைக்கு முன் நிறுத்திக் காத்திருங்கள். பல குழந்தைகள் அந்த இடைவெளியை நிரப்பிவிடுவார்கள். தெரிந்த பாட்டின் கடைசிச் சொல்லைப் பாடாமல் நிறுத்துவதும் இதே உத்திதான்.

கைப்பேசியைக் காட்டி ஊட்டும் பழக்கம் இருந்தால், மேலே சொன்ன சாப்பாட்டு நேரம் முழுவதும் கைவிட்டுப் போகிறது. திரை அவனுக்காக ஐந்து நொடி காத்திருக்காது, அவன் பார்வை போகும் பொருளுக்குப் பெயரும் சொல்லாது. இரண்டு வயதுக்குக் கீழ் உறவினரோடு பேசும் காணொளி அழைப்பைத் தவிரத் திரையே வேண்டாம், 2 முதல் 5 வயது வரை ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம் என்பது இந்தியக் குழந்தை மருத்துவர்கள் சங்கத்தின் வழிகாட்டுதல். யாரும் பார்க்காமல் ஓடிக்கொண்டிருக்கும் தொலைக்காட்சியையும் அணைத்துவிடுங்கள். அது ஓடும்போது பெரியவர்கள் குழந்தையிடம் பேசுவதே குறைகிறது.

வசம்பை நாக்கில் தேய்த்தால் பேச்சு வரும் என்று யாராவது சொன்னால் செய்ய வேண்டாம். அதனால் பேச்சு வருவதில்லை, சிறு குழந்தைகளுக்கு வாந்தி வரக்கூடும். நாக்கின் அடிச்சவ்வு ஒட்டியிருப்பதும் சொற்கள் வராததற்குக் காரணம் அல்ல. அது சில ஒலிகளின் தெளிவைப் பாதிக்கலாம், அவ்வளவுதான்.

எங்கே போவது என்றால், கடலூர் அரசுத் தலைமை மருத்துவமனையில் குழந்தைகள் பிரிவிலும் காது மூக்கு தொண்டைப் பிரிவிலும் தொடங்கலாம். 2013-இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தின் கீழ், வளர்ச்சித் தாமதம் உள்ள குழந்தைகளுக்காக மாவட்ட ஆரம்பகால இடையீட்டு மையங்கள் செயல்படுகின்றன. அங்கன்வாடிக்கு வரும் மருத்துவக் குழுவிடம் சொன்னாலும் அங்கே அனுப்புவார்கள். சிதம்பரத்தில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. புதுச்சேரி ஜிப்மரில் செவித்திறன் பரிசோதனையும் பேச்சுப் பயிற்சியும் ஒரே இடத்தில் உண்டு. ஒன்றுக்கு மேற்பட்ட குறைபாடுகள் இருக்குமோ என்ற சந்தேகம் எழுந்தால், கிழக்குக் கடற்கரைச் சாலையில் முட்டுக்காட்டில் உள்ள, பல்வகைக் குறைபாடுகள் உள்ளவர்களுக்கான தேசிய நிறுவனத்துக்கு அனுப்புவார்கள்.

போகும்போது சொற்கள் எழுதிய நோட்டையும், பிறந்தபோது கொடுத்த மருத்துவமனைச் சீட்டையும் எடுத்துக்கொள்ளுங்கள். குறைமாதப் பிறப்பு, பச்சிளம் குழந்தைப் பிரிவில் இருந்தது, கடுமையான மஞ்சள் காமாலை ஆகியவை செவித்திறனோடு தொடர்புடையவை. வீட்டில் அவன் சாப்பிடும்போதோ விளையாடும்போதோ எடுத்த இரண்டு மூன்று நிமிடக் காணொளியும் உதவும், ஏனென்றால் புது இடத்தில் பல குழந்தைகள் வாயே திறப்பதில்லை. நோட்டை அதன் பிறகும் தொடருங்கள். நான்கு வாரம் கழித்து எண்ணும்போது வாரத்துக்குச் சில புதுச் சொற்களாவது கூடியிருந்தால் சரியான திசையில் போகிறான். காது நன்றாகக் கேட்டும் எண்ணிக்கை அசையவில்லை என்றால், அடுத்த முறை வரச் சொன்ன தேதிக்குக் காத்திருக்காமல் பேச்சுப் பயிற்சியாளரைப் பார்த்து வாராந்திரப் பயிற்சியைத் தொடங்குங்கள்.